ஒரு கத்தி பறந்த கதை

ஆலங்குடாக் கரையில் பிறந்து வளர்ந்தவர்க்குக் காற்றின் வலிமையைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஒன்று தோணியைக் கவிழ்க்கும், கூரையைப் பெயர்க்கும் என்பதை நாம் சிறு வயதிலேயே அறிவோம். ஆனால் காற்று வருமுன் கடல் நிறம் மாறும். பறவைகள் தாழப் பறக்கும். கரைவலை இழுப்போர் முகத்தில் கவலை தெரியும். எவ்வித அறிகுறியுமின்றி, மூடிய அறையொன்றில், நள்ளிரவிலும் நண்பகலிலும் ஒரே வலிமையுடன் நின்று இழுக்கும் சக்தியொன்றை நாம் எமது முப்பத்து நான்காம் வயதிலேதான் சந்தித்தோம். அந்தச் சந்திப்பில் ஓர் உயிர் போயிருக்கக்கூடும். போகவில்லை. போகாத காரணத்தினாலேயே அதைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது.

எமது தாயின் தம்பி, எமக்கு மாமா, மன்னாரிலே பிறந்த மீனவர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எமது குடும்பமும் ஏனைய பல குடும்பங்களைப் போலக் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையை வந்தடைந்தது. உடுத்த உடையோடு வந்தவர்கள் அவர்கள். மாமாவின் இடுப்புப் பட்டியில் மட்டும் வலைக்கயிறு அறுக்கும் கத்தியொன்று இருந்தது. ஒரு சாண் நீளம், பழைய அரத்திலிருந்து கொல்லன் அடித்த எஃகு, மரப்பிடி. விட்டுவந்த வீட்டிலிருந்து எஞ்சிய ஒரே பொருள் என்பதால் அதை அவர் உடலின் ஓர் உறுப்பைப் போலவே வைத்திருந்தார்.

சென்ற ஆண்டு மாமாவின் இடது கால் மரத்துப்போகத் தொடங்கியது. முதுகெலும்பை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்கவேண்டுமென வைத்தியர் கூறினார். அதிகாலையில் பாலாவிச் சந்தியில் பஸ் ஏறிக் கொழும்பில் உள்ள ஒரு வைத்தியசாலைக்கு நாம் அவரை அழைத்துச் சென்றோம். உடை மாற்றும் இடத்தில், வைத்தியசாலை அங்கியை அணிந்துகொண்ட மாமா, தமது சாரத்தையும் பட்டியையும் சுருட்டி எம்மிடம் கொடுத்தார்.

"மகன், இது பத்திரம். உள்ளுக்குக் கத்தியும் கிடக்கு" என்றார்.

அவர் சொன்னது எம் காதில் விழுந்தது. மனத்தில் விழவில்லை. சுருட்டிய துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டோம்.

மாமாவுக்குச் செவிப்புலன் குறைவு. சிங்களமும் சரளமாக வராது. ஆகையால் அவரைப் படுக்கையில் கிடத்தும் வரை நாம் உடனிருக்கலாமென ரேடியோகிராபர் அனுமதித்தார். வாசலில் நின்றிருந்த சிற்றூழியர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. நாட்சம்பளத்தில் வேலை செய்பவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர் தமக்குத் தெரிந்த தமிழில் எம்மைக் கேட்டார்:

"மாத்தையா, பொக்கட்டில இரும்பு, போன், திறப்பு இருக்கா?"

கைபேசியையும் திறப்புக்கோவையையும் சில்லறையையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "வேறொன்றும் இல்லை, அக்கா" என்றோம். அது பொய்யன்று. பொக்கட்டில் வேறொன்றும் இருக்கவில்லை.

அறையுள் அமைதி நிலவியது. எம்.ஆர்.ஐ. பொறி பெருஞ்சத்தம் எழுப்புமென்று கேள்விப்பட்டிருந்த நாம், சத்தமில்லாததால் அது இன்னும் இயக்கப்படவில்லை என்று எண்ணினோம். மாமா படுக்கையில் தலையைப் பொறியின் வாய்ப்பக்கம் வைத்துப் படுத்திருந்தார். அவர் கையைப் பிடிக்க நாம் முன்னே சென்றோம். அப்பொழுது கக்கத்திலிருந்த துணிச்சுருள், வலையுள் அகப்பட்ட மீன் திமிறுவது போல ஒரு தரம் திரும்பியது. என்னவென்று எண்ணி முடிப்பதற்குள் துணி கிழிந்தது. கத்தி மாமாவின் முகத்துக்கு மேலாகப் பறந்து பொறியின் வாய் விளிம்பில் அறைந்து நின்றது. மாமாவின் நெற்றிக்கும் அது சென்ற வழிக்கும் இடையே இரண்டு சாண் இருந்திருக்கலாம். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. எமது கைகால் நடுங்கிற்று.

ரேடியோகிராபர் ஓடிவந்து முதலில் செய்த காரியம் கத்தியைத் தொடாமல் விட்டதாகும். மாமாவின் படுக்கையை வெளியே இழுத்து, அவரை அறைக்கு அப்பால் கொண்டுசென்ற பின்னரே கத்தியிடம் திரும்பினார். நேராக இழுத்து எடுக்க முயலவில்லை. விளிம்போடு விளிம்பாக நகர்த்தி, முனை எவரையும் நோக்காதபடி திருப்பி, இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு அடியடியாகப் பின்வாங்கிக் கதவைக் கடந்தார். அவ்வாறு செய்யாமல் வெடுக்கென இழுத்தால், கை சற்றுத் தளரும் கணத்தில் அது மீண்டும் பாயும் என்று பின்னர் விளக்கினார். பொறியின் மேலுறையில் ஒரு கீறல். சோதனைப் படம் எடுத்துப் பார்த்துப் பொறி பழுதடையவில்லை என உறுதிசெய்த பின்னர், மாலையில் மாமாவுக்குப் படம் எடுத்தார்கள்.

இந்த இடத்தில், எமது அறியாமை எத்தகையது என்பதை வாசகர்களுக்கு எடுத்துரைப்பது கடமையாகும். ஏனெனில் படித்தவர் பலரிடமும் அதே அறியாமை உண்டு.

பொறி ஓயவில்லை, அது ஓய்வதேயில்லை. அதன் உள்ளே நியோபியம், தைத்தானியம் என்னும் உலோகங்களின் கலவையாலான கம்பிச் சுருள் இருக்கிறது. திரவ ஹீலியத்தில் மூழ்கிச் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 269 பாகை செல்சியசில் அது குளிர்ந்து கிடக்கிறது. அக்குளிரில் அக்கம்பிக்கு மின்தடையே இல்லை. பொறியை நிறுவும்போது ஒரு முறை செலுத்திய மின்னோட்டம், வெளியிலிருந்து மின்சாரம் வழங்காமலே ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். ஊரெங்கும் மின்வெட்டு ஏற்பட்டாலும் அந்தக் காந்தம் காந்தமாகவே நிற்கும். படம் எடுக்கையில் கேட்கும் சத்தமோ வேறு சிறு சுருள்களில் மின்னோட்டம் விட்டுவிட்டு மாறுவதால் அவை அதிர்ந்து எழுப்பும் சத்தம். எனவே அமைதி என்பது அந்த அறையில் எதற்கும் சான்றாகாது.

அதன் வலிமை வழக்கமாக 1.5 டெஸ்லா. திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் அது முப்பதாயிரம் மடங்குக்கு மேற்பட்டது. ஆனால் ஆபத்து வலிமையில் மட்டும் இல்லை. அந்த வலிமை தூரத்தோடு எத்துணை விரைவில் மாறுகிறது என்பதிலேயே அது மிகுதியாக இருக்கிறது. இரும்புத் துண்டை இழுக்கும் விசை, புலம் எங்கே செங்குத்தாக ஏறுகிறதோ அங்கேதான் மிகும். பொறியின் வாய் அத்தகைய இடம். கதவருகே கையில் ஒன்றும் தெரியாது. தூரம் பாதியாகக் குறைந்தால் இழுவிசை இரு மடங்காவதில்லை. பல பத்து மடங்காகிறது. மெல்லிய இழுப்பை உணர்ந்து எச்சரிக்கையடையும் இடத்துக்கும், பற்றியிருக்க முடியாத இடத்துக்கும் நடுவே ஓர் அடிதான் இருக்கும். துணிச்சுருள் ஒரு தரம் திரும்பியதே, அதுதான் எமக்குக் கிடைத்த எச்சரிக்கை முழுவதும்.

அன்று பிற்பகல் எம்மை ஒரு மேசை முன் அமர்த்தி, படிவமொன்றைக் கொடுத்தார்கள். 'நியர் மிஸ்' என்பது அதன் தலைப்பு. தீங்கு நேரும் தறுவாயில் வந்து நேராது தப்பிய நிகழ்வு என்பது பொருள். என்ன நடந்தது, எங்கே, எப்பொழுது என்ற கேள்விகளுக்குப் பின், 'பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம். மேற்பார்வையாளர் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டி, "வாசலில் நின்றவர் சரியாகக் கேட்கவில்லைத்தானே, சேர்?" என்றார்.

அந்தப் பெண்மணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் எம்மைப் பார்க்கவில்லை; தம் கைகளையே பார்த்தபடி நின்றார். எமக்கு அப்பொழுது தோன்றிய முதல் எண்ணத்தை மறைக்காது சொல்லவேண்டும். 'ஆம்' என்று எழுதிவிட்டால் எமது வெட்கம் தீர்ந்துவிடும் என்பதே அது. பட்டதாரி ஆசிரியர் ஒருவர் கத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காந்தத்தினுள் நுழைந்தார் என்பதைவிட, சிற்றூழியர் ஒருவர் சோதிக்கத் தவறினார் என்பது எவருக்கும் எளிதில் நம்பத்தக்க கதை.

இத்தகைய கதைகள் உலகில் எங்ஙனம் முடிந்திருக்கின்றன என்பதை ஊர் திரும்பிய பின் தேடிப் படித்தோம். 2001 ஜூலையில், நியூயோர்க் மாநிலத்து வெஸ்ட்செஸ்டர் மருத்துவ நிலையத்தில், ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மயக்க மருந்து கொடுக்கப்பட்டு எம்.ஆர்.ஐ. பொறியினுள் கிடத்தப்பட்டிருந்தான். அவனுக்கு ஒட்சிசன் குறைந்தது. குழாய்வழி ஒட்சிசன் வரவில்லை. அவசரத்தில் எஃகுச் சிலிண்டரொன்று அறைக்குள் கொண்டுவரப்பட்டது. அது பறந்து சென்று சிறுவனின் தலையைத் தாக்கியது, அவன் இறந்தான். இதைவிட எம்மை அதிகம் வருத்திய செய்தி வேறொன்று. அதே ஜூலை மாதத்தில் வெளிவந்த அமெரிக்கக் கதிரியல் சஞ்சிகை ஒன்றிலேயே, வாயுச் சிலிண்டர்கள் இவ்வாறு காந்தத்தை நோக்கிப் பாய்ந்த முந்திய நிகழ்வுகளைத் தொகுத்துக் கூறும் கட்டுரை ஒன்று இருந்தது. அறிவு இருந்தது, ஆனால் அது அந்த அறையின் கதவைச் சென்றடைந்திருக்கவில்லை.

மறு ஆண்டு, 2002இல், அமெரிக்கக் கதிரியற் கல்லூரி பாதுகாப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. பொறியைச் சுற்றியுள்ள இடத்தை நான்கு வலயங்களாகப் பிரிப்பது அதன் சாரம். முதலாவது, எவரும் வரக்கூடிய இடம். இரண்டாவது, கேள்வி கேட்டுச் சோதிக்கும் இடம். மூன்றாவது, பயிற்சி பெற்றவர் திறந்துவிட்டாலன்றி எவரும் நுழைய முடியாத பூட்டிய இடம். நான்காவது, காந்தம் இருக்கும் அறை. இதன் கருத்து எளியது. மனிதன் மறப்பான், அவசரப்படுவான், அமைதியைக் கண்டு ஏமாறுவான். ஆகவே ஒருவன் மறந்தாலும் அடுத்த கதவு அவனை நிறுத்தவேண்டும்.

இந்த ஏற்பாடு ஏட்டில் இருப்பது வேறு. வாசலில் இருப்பது வேறு. 2014 நவம்பரில், நவி மும்பையில் உள்ள டாட்டா நினைவுப் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில், ஊழியர் ஒருவர் கொண்டுசென்ற ஒட்சிசன் சிலிண்டரோடு இருவர் பொறியில் ஒட்டிக்கொண்டு ஏறத்தாழ நான்கு மணி நேரம் சிக்கியிருந்தனர். இத்தகைய நேரத்துக்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஹீலியம் கொதித்துக் குழாய்வழி கூரைக்கு மேல் வெளியேறும், சுருள் சூடேறும், காந்தம் அழியும். பெருஞ்செலவும் பல நாள் வேலை நிறுத்தமும் நேருமாதலால், மனிதர் சிக்கினாலன்றி அதைத் தொடுவதில்லை. எமது கத்திக்கு அதை எவரும் தொடாதது சரியே. ஆனால் அன்று அங்கே, தொடவேண்டிய வேளையில் அது வேலை செய்யவில்லை என்று செய்திகள் தெரிவித்தன. இருவரும் உயிர் தப்பினர்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 ஜனவரி 27 அன்று, மும்பை நாயர் மருத்துவமனையில், 32 வயது இளைஞர் ஒருவர் அதே வகைச் சிலிண்டரோடு இழுக்கப்பட்டு இறந்தார். அவர் ஊழியரல்லர், நோயாளியுமல்லர். உறவினரான மூதாட்டியைப் படம் எடுக்க அழைத்து வந்தவர். எம்மைப் போன்றவர். பொறி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஊழியர் ஒருவர் கூறியதாகவும், அதை நம்பியே சிலிண்டரைத் தூக்கிச் சென்றதாகவும் குடும்பத்தார் தெரிவித்தனர். பொலிசார் ஒரு மருத்துவர் மீதும் ஊழியர்கள் மீதும் வழக்குப் பதிந்தனர்.

பொறி ஓய்ந்திருக்கிறது என்று கூறிய அந்த ஊழியரும் நாமும் ஒரே தவறான நம்பிக்கையைத்தான் கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கையை நீக்கும் பாடத்தை அவருக்கு எவர் கற்பித்திருக்கவேண்டும்? ஒட்சிசன் தேவைப்படும் நோயாளிக்குக் காந்தம் இழுக்காத அலுமினியச் சிலிண்டரை எவர் வாங்கி வைத்திருக்கவேண்டும்? கதவின் பூட்டுக்கு எவர் பொறுப்பு? இக்கேள்விகளெல்லாம் கீழே நிற்கும் ஒருவர் தலையில் இறங்கி, அங்கேயே முடிந்துவிடுகின்றன. தண்டனை அச்சத்தைத் தரும். அச்சம் மௌனத்தைத் தரும். அடுத்த முறை ஒரு கத்தரிக்கோல் பறந்தால், அதை எடுத்து மறைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதற்கடுத்த முறை பறப்பது சிலிண்டராக இருக்கும். தப்பிய நிகழ்வை எழுதி வைப்பதன் பயனே, உயிர்ச்சேதமின்றிக் கிடைத்த பாடத்தை இழக்காமல் இருப்பதுதான். எழுதியவர் தண்டிக்கப்படுவாராயின் எவர் எழுதுவார்?

இவையெல்லாம் பின்னர் சிந்தித்தவை. அன்று மேசை முன் இருந்தபோது இத்தனை தெளிவு எமக்கு இல்லை. அந்தப் பெண்மணியின் கைகள் மட்டுமே தெரிந்தன. நாம் எழுதியது இது:

'பொக்கட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பொக்கட்டைப் பற்றி உண்மையான பதிலைக் கூறினோம். கையில் இருந்ததைப் பற்றி எவரும் கேட்கவில்லை, நாமும் எண்ணவில்லை. கத்தி இருப்பது எமக்கு முன்பே கூறப்பட்டிருந்தது. நோயாளியின் உடைமைகளை வைத்துவிட்டுச் செல்ல வாசலில் இடமில்லை. நோயாளிக்குக் கேள்விப் படிவம் இருந்தது. உடன் சென்ற எமக்கு இருக்கவில்லை. பொறி ஓய்ந்திருக்கிறது என்று எண்ணினோம். ஓய்வதில்லை என்று கூறும் தமிழ் அறிவித்தல் எமது கண்ணில் படவில்லை.'

'பொறுப்பானவர்' என்ற கட்டத்தில் எமது பெயரை எழுதினோம். ரேடியோகிராபர் அதை வாசித்துவிட்டு, "இந்தக் கட்டமே இருக்கக்கூடாது, சேர். ஆளைத் தேடினால் வழி மறைந்துவிடும்" என்று மெதுவாகக் கூறினார். மேற்பார்வையாளர் ஒன்றும் கூறாமல் தாளை மடித்து எடுத்துச் சென்றார்.

இரண்டு மாதம் கழித்து மாமாவை மீண்டும் அழைத்துச் சென்றோம். வாசலுக்கு வெளியே பூட்டுள்ள மரப்பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. காந்தம் எப்பொழுதும் இயங்குகிறது என்று மூன்று மொழிகளிலும் எழுதிய பலகை கண்ணுக்கு நேரே தொங்கியது. புதிய ஊழியர் ஒருவர், "இரண்டு கையையும் விரித்துக் காட்டுங்க" என்று உடன் வந்தவர்களையும் கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வி மாறியிருந்தது. அது நல்ல மாற்றம். விரித்த கை மறதியை ஒளிக்காது.

முன்பு நின்ற பெண்மணியைப் பற்றி விசாரித்தோம். வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள் என்றார் புதியவர். தண்டனையா, வழக்கமான மாற்றமா என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று பகுதிகளில் தேடிய பின், சலவைக் கூடத்தின் வாசலில் அவரைக் கண்டோம். எம்மை அடையாளம் கண்டுகொண்டார். "மாமா சுகமா, மாத்தையா?" என்று மட்டும் கேட்டார். சுகம் என்றோம். ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. மரப்பெட்டிகளைச் செய்து வைத்த நிர்வாகம், அவற்றின் தேவையை வெளிக்கொணர்ந்த நிகழ்வில் நின்றவரைச் சலவைக்கூடத்தில் நிறுத்தியிருக்கிறதா? ஊர் வந்து அந்த வைத்தியசாலைக்கு இது பற்றிக் கடிதம் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. மீண்டும் எழுதுவோம்.

கத்தி மாமாவிடமே இருக்கிறது. எஃகு அந்தப் புலத்தில் காந்தமாகிவிட்டது. வலை பின்னும்போது அருகே வைத்தால் தூண்டில் முட்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பேரப்பிள்ளைகள் அதைக் கண்டு சிரிக்கிறார்கள். மாமா ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து வைக்கிறார். அப்பொழுது எமது முகத்தை ஒரு தரம் பார்க்கிறார்.